கேள்வி பதில்: வரிக்கு வரி ‘நான்’

(தன்னனுபவக் கட்டுரை எழுதுகிறவர்களின் கேள்விகளுக்கு, பத்திரிகையில் பிரதி திருத்தும் உறுப்பினர் ஒருவர் பதில் சொல்கிறார்.)

கல்லூரி மாணவி, திருநெல்வேலி: என் கட்டுரையில் எல்லா வாக்கியமும் ‘நான்’ என்று தொடங்குவதாகப் பேராசிரியர் வட்டம் போட்டுக் கொடுத்தார். எல்லா ‘நான்’களையும் அடித்துவிட்டேன். ஆனாலும் படிக்கும்போது அதே சலிப்பு. ஏன்?

நீங்கள் அனுப்பிய பத்தியை அப்படியே தருகிறேன்.

“நான் காலையில் ஊருக்குப் போய்ச் சேர்ந்தேன். நான் கடைத்தெருவில் தாத்தாவின் மளிகைக் கடையைத் தேடினேன். நான் அந்த இடத்தில் ஒரு செல்போன் கடை இருப்பதைப் பார்த்தேன். நான் பழைய பலகைக் கதவுகள் மட்டும் மாறாமல் இருப்பதைக் கவனித்தேன். நான் கடைக்காரரிடம் பேசினேன். நான் மிகவும் வருத்தப்பட்டேன்.”

‘நான்’ எல்லாம் போன பிறகு மிஞ்சியதைப் பாருங்கள்: சேர்ந்தேன், தேடினேன், பார்த்தேன், கவனித்தேன், பேசினேன், வருத்தப்பட்டேன். வாக்கியத்தின் தலையிலிருந்த ‘நான்’ போய்விட்டது. வாலிலிருக்கும் ‘ஏன்’ போகவில்லை. தமிழ் வினைமுற்றே ஆளைச் சொல்லிவிடுகிறது. ஆகவே ஆறு வாக்கியத்துக்கும் எழுவாய் இன்னமும் நீங்கள்தான். தொடக்கத்தை மட்டும் பார்த்துத் திருத்துகிறவர்கள் எல்லோரும் இங்கேதான் சிக்கிக்கொள்கிறார்கள். வாக்கியத்தின் கடைசிச் சொற்களை மட்டும் வரிசையாகச் சத்தமாக வாசியுங்கள். நோய் எங்கே இருக்கிறதென்று காதே சொல்லிவிடும்.

இனி அந்த ஆறு வினைகளையும் பிரித்துப் பார்ப்போம். சேர்ந்தேன், தேடினேன், பேசினேன் ஆகிய மூன்றும் நீங்கள் செய்தவை. பார்த்தேன், கவனித்தேன் இரண்டும் கண்ணின் வேலை. வருத்தப்பட்டேன் என்பது மனத்தின் வேலை. முதலில் கண்ணின் வேலையைக் கழித்துவிடலாம். செல்போன் கடை இருந்தது என்று எழுதினாலே நீங்கள் பார்த்திருக்கிறீர்கள் என்று வாசகருக்குத் தெரியும். ‘இருப்பதைப் பார்த்தேன்’ என்னும்போது வாசகரின் கண் கடையை விட்டுவிட்டு உங்கள் முகத்துக்கு வந்துவிடுகிறது. எதைப் பார்த்தீர்களோ அதையே எழுவாயாக்குங்கள்.

அடுத்தது ‘பேசினேன்’. என்ன பேசினீர்கள்? அது வரைவின் மூன்றாம் பக்கத்தில் தனியாகக் கிடக்கிறது: பலகைகளை வரிசை தப்பாமல் மாட்டுவதற்குத் தாத்தா எழுதிய எண்கள், உளுத்துப்போய் மாற்றிய ஒரு பலகை. கட்டுரையின் உயிரே அதில்தான் இருக்கிறது. அதை இங்கே கொண்டுவந்தால் பத்தி இப்படி அமையும்:

“காலையில் ஊர் போய்ச் சேர்ந்ததும் நேராகக் கடைத்தெருவுக்குத்தான் போனேன். தாத்தாவின் மளிகைக் கடை இருந்த இடத்தில் இப்போது ஒரு செல்போன் கடை. பலகைக் கதவுகள் மட்டும் மாறவில்லை. வரிசை தப்பாமல் மாட்டுவதற்காகத் தாத்தா பெயின்டில் எழுதிய எண்கள், ஒன்று முதல் ஒன்பது வரை, அப்படியே இருந்தன. ஏழு மட்டும் வேறு கையெழுத்து. ‘அந்தப் பலகை உளுத்துப்போச்சு, மாத்திட்டோம்’ என்றார் கடைக்காரர்.”

‘ஏன்’ என்று முடிவது இப்போது ஒரே வாக்கியம். நீங்கள், கடை, கதவு, எண்கள், ஏழு, கடைக்காரர் என்று எழுவாய் நகர்ந்துகொண்டே போகிறது. இரண்டு வாக்கியங்களுக்கு வினைமுற்றே இல்லை. தமிழுக்கு அது இயல்பு. ஆனால் அந்த வகை அடுத்தடுத்து வந்தால் தந்தி போலாகிவிடும். ‘வருத்தப்பட்டேன்’ என்பதைச் சேர்க்கவில்லை. வேறு கையெழுத்தில் இருக்கும் அந்த ஏழு அதைச் சொல்லிவிடுகிறது.

தனியார் நிறுவன ஊழியர், கோயம்புத்தூர்: நான் ஒரு சுலப வழி கண்டுபிடித்திருக்கிறேன். ‘நான் நினைத்தேன்’ என்பதை ‘எனக்குத் தோன்றியது’ என்றும், ‘நான் எழுதினேன்’ என்பதை ‘என்னால் எழுதப்பட்டது’ என்றும் மாற்றுகிறேன். சரிதானே?

முதலாவது அளவோடு இருந்தால் நல்லது. பசி, தூக்கம், பயம், விருப்பம் எல்லாம் தமிழில் ‘எனக்கு’ என்றுதான் இயல்பாக வரும். ஆனால் பத்து ‘நான்’ இருந்த இடத்தில் பத்து ‘எனக்கு’ வந்தால் கட்டுரை இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது.

இரண்டாவதை விட்டுவிடுங்கள். ‘என்னால் எழுதப்பட்டது’ என்பதிலும் நீங்கள்தான் முன்னால் நிற்கிறீர்கள். கூடவே வாக்கியமும் விறைத்துப்போகிறது.

வாசகர், விழுப்புரம்: பட்டா மாறுதலுக்கு மனு எழுதுகிறேன். அதிலும் ‘நான்’ அதிகமாக வருகிறது. மனு தள்ளுபடி ஆகுமா?

ஆகாது. மனுவில் யார், எந்தச் சர்வே எண், என்ன கோரிக்கை என்பது குழப்பமில்லாமல் இருந்தால் போதும். ‘நான்’ இருக்கட்டும். ஆவணங்கள் பற்றிய கேள்வியை வட்டாட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கும்பகோணம்: தோன்றா எழுவாய் என்று பள்ளியிலேயே சொல்லித் தருகிறோம். ‘வந்தேன்’ என்றால் நான் என்பது தானே விளங்கும். எல்லா ‘நான்’களையும் தயங்காமல் நீக்கச் சொல்லுங்கள்.

ஐயா, ‘வந்தேன்’ வரைக்கும் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. எல்லா வினையும் ஆளைக் காட்டுவதில்லை என்பதுதான் சிக்கல். “அண்ணன் ஊரிலிருந்து வந்தான். அன்று இரவு சாப்பிடவில்லை.” சாப்பிடாதது யார்? அண்ணன் என்றுதான் எவரும் படிப்பார்கள். எழுதியவர் தன்னைச் சொல்லியிருந்தார். ‘சாப்பிட்டேன்’ என்பதில் ஆள் இருக்கிறது. ‘சாப்பிடவில்லை’ என்பதில் இல்லை. வேண்டும், கூடாது, முடியும், தெரியும் எல்லாம் இதே கதைதான். ‘வந்தபோது’, ‘வந்ததால்’ என்பவையும் வந்தது யாரென்று சொல்வதில்லை. இப்படிப்பட்ட இடங்களில் முந்தைய வாக்கியத்தில் வேறொருவர் இருந்தால் ‘நான்’ அல்லது ‘எனக்கு’ கட்டாயம் வேண்டும்.

வாசகி, சேலம்: நானும் கட்டுரை எழுதுகிறேன், ‘நான்’ நிறைய வருகிறது. குறைக்க என்ன வழி?

முதல் பதிலைப் படியுங்கள். வாக்கியத்தின் கடைசிச் சொற்களைச் சத்தமாக வாசித்துப் பாருங்கள்.

சிறுகதை எழுதத் தொடங்கியிருப்பவர், மதுரை: இரண்டு மூன்று வாக்கியங்களை எச்சத்தால் கோத்து ஒன்றாக்கினேன். “கதவைத் திறந்து அப்பா நின்றுகொண்டிருந்தார்” என்ற வரி சரியில்லை என்கிறார் நண்பர். என்ன தவறு?

கோப்பது நல்ல வழி. ‘எழுந்தேன், குளித்தேன், கிளம்பினேன்’ என்பது ‘எழுந்து குளித்துக் கிளம்பினேன்’ என்றாகும்போது மூன்று ‘ஏன்’ ஒன்றாகிவிடுகிறது. ஆனால் ‘திறந்து’ போன்ற எச்சத்துக்கும் அது போய்ச் சேரும் வினைமுற்றுக்கும் செய்கிறவர் ஒருவராக இருக்க வேண்டும். உங்கள் வரியில் கதவைத் திறந்தது அப்பாவாகிவிட்டார். ‘கதவைத் திறந்தபோது’ என்று எழுதலாம். இன்னும் உயிரோடு வேண்டுமென்றால், ‘கதவைத் திறந்தால், அப்பா நின்றுகொண்டிருக்கிறார்’. இந்தத் ‘திறந்தால்’ நிபந்தனை இல்லை. கதை சொல்கிறவர்கள் திடுக்கிடலைக் காட்டக் கையாளும் வழி.

அதே தமிழாசிரியர்: இங்கே மறுக்கிறேன். ‘ஞாயிறு பட்டு வந்தான்’ என்று இலக்கண உரைகளில் எடுத்துக்காட்டே உண்டு. பட்டது, அதாவது மறைந்தது, ஞாயிறு; வந்தது அவன். வினைமுதல் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது அவ்வளவு இறுக்கமான விதி இல்லை.

வினைமுதல் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது நன்னூல் சொல்வது. ‘ஞாயிறு பட்டு’ என்பதை ‘ஞாயிறு பட’ என்பதன் திரிபாகத்தான் உரையில் கொள்கிறார்கள். விதிவிலக்கைக் காட்டி விதியைத் தளர்த்துவது புதிதாக எழுதுகிறவர்களுக்கு உதவாது.

மொழிபெயர்ப்பாளர், சென்னை: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். ‘நான் சொல்லித்தான் அவன் வந்தான்’ என்று தினமும் பேசுகிறோம், எழுதுகிறோம். சொன்னது நான், வந்தது அவன். இதை யாரும் திருத்துவதில்லையே?

நல்ல எடுத்துக்காட்டு. திருத்தக்கூடாது. முதல் செயல் இரண்டாவதற்குக் காரணமாக இருந்தால் ஆள் மாறினாலும் தமிழ் ஏற்கிறது: ‘மழை பெய்து குளம் நிறைந்தது.’ காலம் கழிவதைச் சொல்லும்போதும் ஏற்கிறது: ‘அம்மா இறந்து பத்து ஆண்டுகள் ஆகின்றன.’ நீங்கள் கதவைத் திறந்ததால் அப்பா அங்கே நிற்கவில்லை. அதனால்தான் மதுரைக்காரரின் வரி இடறுகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். உங்கள் வாக்கியத்தில் ‘நான்’ நீக்கினால் ‘சொல்லித்தான் அவன் வந்தான்’ என்றாகி, அவனே முன்கூட்டிச் சொல்லிவிட்டு வந்ததாகப் பொருள் மாறிவிடும். எச்சத்தில் ஆள் மாறினால் ‘நான்’ இருந்தே ஆக வேண்டும்.

தமிழாசிரியர்: ஆக, விதி தளரும் என்று ஒப்புக்கொள்கிறீர்கள். எந்த இடத்தில் காரணம், எந்த இடத்தில் வெறும் அடுத்தடுத்த செயல் என்று யார் அளந்து சொல்வது? ‘நான் கதவைத் திறந்து பூனை ஓடிவிட்டது’ என்று ஒருவர் எழுதினால்?

‘திறந்து’ என்பதை நான் ‘திறந்ததும்’ என்று மாற்றுவேன். திறந்ததால்தானே ஓடியது என்று நீங்கள் வாதாடலாம். அதை முழுமையாக மறுக்க என்னிடம் விதி இல்லை. என் காதுக்கு அது ஒட்டவில்லை என்பது மட்டுமே சொல்ல முடியும். மற்றவர்கள் தங்கள் காது என்ன சொல்கிறது என்று எழுதுங்கள்.

வாசகர், ஈரோடு: ‘நான்’ என்பதற்குப் பதில் ‘நாம்’ போடலாமா?

கூடாது. பஸ்ஸில் போனது நீங்கள் ஒருவர் என்றால் வாசகரையும் இழுத்து ஏற்றாதீர்கள்.

வாசகர், வேலூர்: கட்டுரையில் ‘நான்’ அதிகம். சுருக்கமாக ஒரு வழி?

முதல் பதில். இதே கேள்வியை இனி யாரும் கேட்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சென்னை மொழிபெயர்ப்பாளர், மீண்டும்: ஆங்கிலத் தன்வரலாறு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். மூலத்தில் வரிக்கு வரி தன்மைப் பெயர் வருகிறது. ஒவ்வொன்றுக்கும் ‘நான்’ போடுவதுதான் நேர்மை என்கிறார் பதிப்பாசிரியர்.

ஆங்கிலத்தில் அந்தச் சொல் இல்லாமல் வாக்கியம் நிற்காது; வினை பெரும்பாலும் ஆளைக் காட்டாத மொழி அது. எனவே அங்கே அதற்குத் தனி அழுத்தம் இல்லை. தமிழில் வினையே ஆளைச் சொல்லிவிடுவதால், கூடுதலாக வரும் ஒவ்வொரு ‘நான்’னும் ‘வேறு யாருமில்லை, நான்’ என்று அழுத்திச் சொல்வதாகிவிடுகிறது. எல்லாவற்றையும் கொண்டுவந்தால் மூலத்தில் அடக்கமாகப் பேசுகிறவர் தமிழில் தற்பெருமைக்காரராகத் தெரிவார். வழக்கமான இடங்களில் நீக்குங்கள்.

ஆனால் மூல ஆசிரியர் வேண்டுமென்றே அடுக்கியிருந்தால், அதாவது உறுதிமொழி போலவோ குற்ற ஒப்புதல் போலவோ ஒலித்தால், அங்கே ஒன்றையும் தொடாதீர்கள். எது எந்த வகை என்பதைப் பக்கம் பக்கமாகப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். பதிப்பாசிரியரிடம் ஒரே பத்தியின் இரண்டு வடிவங்களைக் கொடுத்து, மாறி மாறி வாசிக்கச் சொல்லுங்கள்.

இல்லத்தரசி, நாகர்கோவில்: என் திருமணத்துக்குப் பிறகு படிப்பைத் தொடர்ந்த கதையை எழுதுகிறேன். “எல்லோரும் வேண்டாம் என்றார்கள். நான் போனேன்.” இந்த ‘நான்’னையும் எடுத்துவிட வேண்டுமா?

தொடவே வேண்டாம். எல்லோரும் ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம். அந்த எதிர்நிலையைத் தாங்குவது அந்த ஒரு சொல்தான். ‘போனேன்’ என்று மட்டும் எழுதினால் வரி சாய்ந்துவிடும். அதற்கு முந்தைய பத்தியில் ஐந்து ‘நான்’ வருகின்றன: காலையில் எழுந்தது, சமைத்தது, பிள்ளையைப் பள்ளியில் விட்டது. அவற்றை எச்சத்தால் கோத்து எடுத்துவிடுங்கள். பத்தி முழுக்க ‘நான்’ இல்லாமல் வந்து, இந்த வரியில் அது முதல் முறையாக வரட்டும்.