ஊர் மாறியாச்சு, பென்ஷன் எப்போது மாறும்? கடலூரிலிருந்து சில கேள்விகள்

வங்கி வேலையில் கடைசி ஒன்பது வருடம் பென்ஷன் மேசையில் உட்கார்ந்திருந்தேன். இப்போது நானும் பென்ஷனர்தான், புதுப்பாளையத்தில் வாசம். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் மத்திய அரசு பென்ஷனை வங்கி வழியாக வாங்குபவர்கள் அனுப்பியவை. இழுபறியும் அங்கேதான் அதிகம். அதனால் அவற்றுக்கே இடம் கூடுதலாகக் கொடுத்திருக்கிறேன்.

சென்னையை விட்டு திருப்பாதிரிப்புலியூருக்கே வந்துவிட்டோம் சார். பென்ஷன் இன்னும் தி.நகர் கிளையில் ஏறுகிறது. அதே வங்கி இங்கேயும் இருக்கிறது. மாற்றாவிட்டால் நிறுத்திவிடுவார்களா?

மாட்டார்கள். உங்கள் பென்ஷனைக் கணக்குப் போட்டு ஏற்றுவது தி.நகர் கிளை இல்லை, அந்த வங்கியின் சி.பி.பி.சி. என்ற மையம். நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும் அது மாதக் கடைசியில் பணத்தைக் கணக்கில் ஏற்றிவிடும். உயிர்வாழ் சான்றிதழையும் அதே வங்கியின் எந்தக் கிளையில் வேண்டுமானாலும் கொடுக்கலாம்.

ஆனாலும் கிளையை இங்கே மாற்றிக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். ஒரு கடிதம் போதும். கணக்கு எண் அப்படியே இருக்கும், ஐ.எஃப்.எஸ்.சி. மட்டும் மாறும், ஒரு மாதமும் விட்டுப்போகாது. எதற்கு என்றால், நாளைக்கு உங்கள் வீட்டம்மா குடும்ப ஓய்வூதியத்துக்காக அலைய நேர்ந்தால் தி.நகருக்கு பஸ் ஏறக் கூடாது. கணக்கை இருவர் பெயரிலும் வைத்திருந்தால் குடும்ப ஓய்வூதியமும் அதே கணக்கிலேயே வரும். முகவரியையும் மொபைல் எண்ணையும் அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

கோர் பேங்கிங் வந்த பிறகு பென்ஷன் மாற்றம் என்ற பேச்சே கிடையாது. புது பேங்கில் கணக்கு திறந்து நம்பரைக் கொடுத்தால் தானாக வந்துவிடும். என் மச்சானுக்கு அப்படித்தான் ஆச்சு. எதற்கு எல்லாரையும் பயமுறுத்துகிறீர்கள்?

பாதி சரி. ஒரே வங்கிக்குள் மாறினால் நீங்கள் சொல்வதுதான் நடக்கும். உங்கள் மச்சான் அப்படித்தான் மாறியிருப்பார். வங்கியே வேறு என்றால் பென்ஷன் போடும் மையமும் வேறு. பழைய மையம் நிறுத்தி, தன்னிடம் இருக்கும் பி.பி.ஓ. என்ற ஓய்வூதிய ஆணையின் பாதியில் எந்த மாதம் வரை கொடுத்தோம் என்று எழுதி அனுப்ப வேண்டும். அது வந்து சேர்ந்த பிறகுதான் புதிய மையம் உங்களை முழுதாகத் தன் பட்டியலில் ஏற்றும். இந்த நிறுத்தத்துக்கும் தொடக்கத்துக்கும் நடுவில்தான் மாதங்கள் காணாமல் போகின்றன. இன்னொன்று, ஊர் மாறாமல் வங்கியை மட்டும் மாற்றுவது வருடத்துக்கு ஒரு தடவைதான். புது வங்கி பிடிக்கவில்லை என்று அடுத்த மாதமே திரும்ப முடியாது.

நாக்பூரில் மத்திய அரசு அலுவலகத்தில் ஓய்வு. ஆகஸ்டில் மஞ்சக்குப்பத்தில் குடியேறுகிறோம். என் வங்கிக்கு இங்கே பக்கத்தில் கிளை இல்லை, மாற்றியே ஆக வேண்டும். மகள் படிப்புக் கடன் மாதாமாதம் கட்டுகிறேன், ஒரு மாதம்கூட விட முடியாது. எப்படிச் செய்வது?

முதலில் மஞ்சக்குப்பத்தில் கணக்கைத் திறந்துவிடுங்கள், மனைவி பெயரையும் சேர்த்து. எண் கையில் இருந்தால்தான் அடுத்த வேலை.

ஆகஸ்ட் முதல் வாரத்திலேயே, நாக்பூரை விட்டுக் கிளம்பும் முன், பழைய கிளையில் மாற்றக் கடிதம் கொடுங்கள். பி.பி.ஓ. எண், பழைய கணக்கு எண், புதிய வங்கி, கிளை, ஐ.எஃப்.எஸ்.சி., புதிய கணக்கு எண், கடலூர் முகவரி எல்லாம் அதில் இருக்கட்டும். நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீர்கள். “கடைசியாக எந்த மாதத்துக்கு நீங்கள் போடுவீர்கள்?” என்று வாய்விட்டுக் கேளுங்கள். மாதப் பட்டியலை முன்கூட்டியே தயார் செய்துவிடுவார்கள் என்பதால், பெரும்பாலும் “ஆகஸ்ட் எங்களிடம்தான், செப்டம்பரிலிருந்து அங்கே” என்பார்கள். அந்தப் பதில்தான் உங்களுக்கு அச்சாணி.

ஆகஸ்ட் பென்ஷன் மாதக் கடைசியில் நாக்பூர் கணக்கில் ஏறியதும், அந்த வரி தெரிகிற மாதிரி பாஸ்புக்கில் பதிந்து நகல் எடுங்கள். அதோடு உங்களிடம் இருக்கும் பி.பி.ஓ. பாதியின் நகல், முத்திரை வாங்கிய மாற்றக் கடிதம், பான், ஆதார் எல்லாம் எடுத்துக்கொண்டு செப்டம்பர் தொடக்கத்தில் மஞ்சக்குப்பம் கிளைக்குப் போங்கள். அதிகமாக வந்தால் திருப்பித் தருகிறேன் என்ற உறுதிமொழிக் கடிதத்தில் கையெழுத்து கேட்பார்கள், போடுங்கள். அது இல்லாமல் தொடங்க மாட்டார்கள்.

இப்போது பலருக்கும் தெரியாத விஷயம். பழைய வங்கியிலிருந்து அந்த பி.பி.ஓ. தாள் வந்து சேராவிட்டாலும், உங்கள் பி.பி.ஓ. நகலை வைத்தே புதிய வங்கி மூன்று மாதம் பென்ஷன் போட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதல். அந்த மூன்று மாதம் பழைய வங்கி கடைசியாகப் போட்ட தேதியிலிருந்து ஓடும். உங்கள் விஷயத்தில் செப்டம்பர், அக்டோபர், நவம்பர். அதற்குள் தாளை வரவழைப்பது இரண்டு வங்கிகளின் பொறுப்பு. ஆனால் பொறுப்பு அவர்களுடையது என்று சும்மா இருந்தால் டிசம்பரில் நமக்குத்தான் கை கடிக்கும். அக்டோபர் நடுவில் ஒரு தடவை போய், தாள் வந்ததா என்று கேட்டுவிடுங்கள்.

நாக்பூர் கணக்கை மட்டும் அவசரப்பட்டு மூடாதீர்கள். புதிய கணக்கில் இரண்டு மாதம் ஏறிய பிறகு மூடலாம். என் அக்கா வீட்டுக்காரர் மாற்றக் கடிதம் கொடுத்த கையோடு பழைய கணக்கை மூடிவிட்டார். அந்த மாதப் பென்ஷன் கணக்கு இல்லை என்று திரும்பிப் போயிற்று. ஆனால் தாளில் “அந்த மாதம் வரை கொடுத்தாயிற்று” என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். புதிய வங்கி அடுத்த மாதத்திலிருந்துதான் தொடங்கியது. நடுவில் விழுந்த ஒரு மாதத்தை மீட்க ஏழு மாதம் ஆச்சு.

மேலே சொன்ன அதே நிலைமை எனக்கு. இரண்டு மாதமாக வரவில்லை. பழைய வங்கி அனுப்பிவிட்டோம் என்கிறது, புதியது வரவே இல்லை என்கிறது. நடுவில் நான் பந்து மாதிரி.

அனுப்பிவிட்டோம் என்றால் எந்தத் தேதியில், எந்த முகவரிக்கு, என்ன பதிவு எண்ணில் என்று எழுத்தில் கேளுங்கள். அனேகமாக மையத்துக்குப் போக வேண்டியது கிளைக்குப் போய் ஏதாவது டிராயரில் கிடக்கும். புதிய கிளையில் அந்த மூன்று மாத வழிகாட்டுதலைச் சொல்லி, நகலின் பேரில் போடச் சொல்லி எழுதிக் கொடுங்கள். மேலாளர் கேள்விப்பட்டதில்லை என்றால் மையத்தைக் கேட்கச் சொல்லுங்கள். வர வேண்டிய தேதியைத் தாண்டி வங்கியால் தாமதமானால் வருடத்துக்கு 8 சதவீத வட்டி, நீங்கள் கேட்காமலே, சேர்த்துத் தர வேண்டும் என்றும் விதி இருக்கிறது. இங்கே தவறு எந்த வங்கியுடையது என்பதில்தான் இழுப்பார்கள். அந்தப் பதிவு எண் வந்ததும் எனக்கு எழுதுங்கள், மேலே பார்ப்போம்.

அந்த மூன்று மாத விதிப்படி எனக்கும் மூன்று மாதப் பணம் முன்கூட்டியே தருவார்களா? நெய்வேலியில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்து ஓய்வு. பி.எஃப். பென்ஷன் 1,000 ரூபாய் சொச்சம் வருகிறது. பாகூருக்கு மகன் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

முன்பணம் இல்லை ஐயா, தாள் வரும் வரை மாதாமாதம் போடுவதைத்தான் சொன்னேன். உங்களுக்கு அந்தத் தொல்லையே வேண்டாம். 2025 ஜனவரியிலிருந்து பி.எஃப். பென்ஷன் நாடு முழுக்க எந்த வங்கி, எந்தக் கிளையிலும் வாங்கலாம். ஒரு பி.எஃப். அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்கு பி.பி.ஓ.வை மாற்ற வேண்டியதும் இல்லை. இப்போதைய கணக்கு பாகூர் பக்கம் எடுக்க வசதியாக இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள்.

மாறிவிட்டது சார், மாதமும் விடவில்லை. ஆனால் தொகை குறைகிறது. முன்னே 37,000க்கு மேல் வந்தது, இப்போது 30,336. வரி பிடித்தார்களா? (செம்மண்டலம்)

பி.பி.ஓ.வில் இருப்பதையும் எழுதியிருந்தீர்கள், அதனால் கணக்குப் போட முடிந்தது. அடிப்படை ஓய்வூதியம் 32,000. அதில் 40 சதவீதம், அதாவது 12,800, கம்யூட் செய்து அதற்கு ஈடாக ஒரே தொகையாக முன்கூட்டியே வாங்கியிருக்கிறீர்கள். மிச்சம் 19,200. அகவிலை நிவாரணம் எதன் மேல் வர வேண்டும்? கம்யூட் செய்வதற்கு முந்தைய முழு 32,000 மேல். 58 சதவீதத்துக்கு அது 18,560. மொத்தம் 37,760. புதிய வங்கி மிச்சமான 19,200க்கு மட்டும் போட்டிருக்கிறது, அது 11,136. கூட்டினால் சரியாக உங்கள் 30,336. மாதம் 7,424 ரூபாய் நஷ்டம். வரி இல்லை, பதிவு செய்யும்போது தவறான கட்டத்தில் தொகையை அடித்திருக்கிறார்கள். இந்தக் கணக்கையே எழுதி, பி.பி.ஓ. நகலோடு கொடுங்கள், நிலுவையும் சேர்ந்து வரும்.

போகிற போக்கில் கம்யூட் செய்த தேதியும் ஏறியிருக்கிறதா பாருங்கள். பதினைந்து வருடம் கழித்து அந்த 12,800 திரும்பி வர வேண்டும். தேதி இல்லாவிட்டால் வராது. பிறந்த தேதியும் அப்படித்தான், 80 வயதில் 20 சதவீதம் கூடுவது அதை வைத்துத்தான். மனைவி பெயரும் பிறந்த தேதியும் விட்டுப்போயிருந்தால் அதையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

வரி என்று கேட்டதால் ஒன்று. வருட நடுவில் வங்கி மாறினால் இரண்டு ஃபார்ம் 16 வரும். இரண்டு வங்கியும் தனித்தனியாக நிலைக் கழிவு கொடுத்து வரியைக் குறைவாகப் பிடித்திருக்கலாம். ஜூலையில் கணக்குத் தாக்கல் செய்யும்போது இரண்டையும் கூட்டி ஒரே கழிவுதான் எடுக்க முடியும். கையில் கொஞ்சம் வைத்திருங்கள்.

தமிழ்நாடு அரசுப் பள்ளி ஆசிரியையாக இருந்தேன். கடலூர் கருவூலத்தில் பென்ஷன். இப்போது லாஸ்பேட்டையில் மகள் வீடு. புதுச்சேரி கருவூலத்துக்கு மாற்ற வேண்டுமா?

மேலே சொன்ன வங்கிக் கதை உங்களுக்கு இல்லை அம்மா. உங்களுக்குப் பணம் போடுவது கருவூலம், வங்கி வெறும் பெட்டி. கருவூலத்தையும் கணக்கையும் கடலூரிலேயே விட்டுவிட்டு, லாஸ்பேட்டையில் அதே வங்கியின் கிளையிலோ ஏ.டி.எம்.மிலோ எடுத்துக்கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. வருடாந்திர நேர்காணல் உங்களுக்கு நவம்பரில் இல்லை, நீங்கள் ஓய்வு பெற்ற மாதத்தில். தபால்காரரை வீட்டுக்கு வரவழைத்து 70 ரூபாயில் விரல் ரேகை வைத்து முடிக்கலாம். முகவரி மாறியதை மட்டும் கருவூலத்துக்கு எழுதிவிடுங்கள்.

மார்ச் 31 ஆகியும் பென்ஷன் வரவில்லை. போன மாதம்தான் கடலூருக்கு மாற்றினேன். எழுதிப் போட்டுவிடட்டுமா?

ஏப்ரல் முதல் வேலை நாள் வரை பொறுங்கள். மார்ச் பென்ஷன் எல்லாருக்குமே அப்போதுதான் ஏறும். அன்றும் வராவிட்டால் எழுதுங்கள்.

உயிர்வாழ் சான்றிதழை நவம்பர் 3 அன்று மொபைலில் முகம் காட்டிக் கொடுத்துவிட்டேன். அதற்கு முன்பே வங்கி மாற்றிவிட்டேன். பழைய வங்கிப் பெயரையே தேர்ந்தெடுத்துவிட்டேனோ என்று சந்தேகம்.

அப்படியானால் அது பழைய வங்கிக்குத்தான் போயிருக்கும், புதிய மையத்தின் கண்ணில் படாது. திருத்த முயல வேண்டாம், புதிய வங்கியின் பெயரும் புதிய கணக்கு எண்ணும் போட்டு இன்னொன்று கொடுத்துவிடுங்கள். நவம்பர் 30 வரை நேரம் இருக்கிறது. பிறகு கிளையில் போய், ஏறிவிட்டதா என்று திரையில் பார்க்கச் சொல்லுங்கள்.