பிரெஞ்சுக்காரர் மூச்சுவிடாமல் பேசும்போது எதைக் குறித்துக்கொள்வது?

"சிராங்கூன் ரோட்டில் மசாலா வியாபாரி ஒருவருக்காக, பிரெஞ்சு வாடிக்கையாளர் பேசுவதைத் தமிழில் சொல்லப் போகிறேன். அவர் நாலைந்து நிமிடம் நிறுத்தாமல் பேசுவாராம். எதை எழுதுவது?"

சொற்களை எழுதாதீர்கள், யார், என்ன, எந்த நிபந்தனையில் என்பதை மட்டும் எழுதுங்கள். பக்கத்தின் இடது ஓரத்தில் கோடு போட்டு, 'ஆனால்', 'ஏனென்றால்', 'என்றால்' போன்ற இணைப்புகளுக்கு அந்த இடத்தை விட்டுவிடுங்கள். மற்றதைப் படிக்கட்டுபோல் சரிவாக இறக்குங்கள். 1956-இல் மொழிபெயர்ப்பாளர் ரோசான் குறிப்பெடுக்க வகுத்த முறையை ஒட்டியது இது.

பெட்டிக்கு 97 யூரோ வரை போகலாம், 45 நாள் தவணை கிடைத்தால், என்கிறார் என்று வையுங்கள். பிரெஞ்சில் 97 என்பது 'நான்கு இருபது பதினேழு'. பாதியில் 80 என்று எழுதிவிட்டால் தொலைந்தது. எண் முடியும்வரை பேனாவை நகர்த்தாதீர்கள். நிபந்தனை கடைசியில் வருகிறது, தமிழிலோ அதுதான் முதலில் வரவேண்டும். ஆகவே ஓரத்தில் 'என்றால்' எழுதி, விலைக்கு மேலே அம்பு போடுங்கள். பேசும்போது அம்பிலிருந்து தொடங்கினால் வாக்கியம் தானாக வரும். 'போகலாம்' என்பதற்கு ஒரு கேள்விக்குறி. அதை 'தருகிறோம்' என்று சொல்லிவிட்டால் வியாபாரி ஒப்பந்தம் முடிந்ததென நினைத்துக் கையை நீட்டிவிடுவார்.

அவர் '45 நாள், மாதக் கடைசி' என்றால் உஷார். பிரான்சில் இதை இரண்டு விதமாகக் கணக்கிடுவார்கள். மார்ச் 10 தேதியிட்ட பில்லுக்கு, 45 நாளைக் கூட்டி அந்த மாதக் கடைசிக்குப் போனால் ஏப்ரல் 30, மார்ச் கடைசியிலிருந்து 45 நாள் எண்ணினால் மே 15. நீங்களாகத் தேர்ந்தெடுக்காமல், சொன்னபடி மொழிபெயர்த்துவிட்டு, இரு தரப்புக்கும் தெரியும்படி 'எந்தக் கணக்கு?' என்று கேளுங்கள்.