முறுக்கு வெளிநாட்டுக்கு அனுப்ப விலை எப்படிப் போடுவது?

"மன்னார்குடியில் வீட்டில் முறுக்கு, சீடை செய்கிறேன். அமெரிக்காவிலிருந்து ஆர்டர் வருகிறது. கிலோவுக்கு என்ன விலை சொல்ல?"

முதலில் பெட்டியை அளந்து பாருங்கள். கூரியர்காரர்கள் தராசு எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரத்தை செ.மீ.யில் பெருக்கி, பெரும்பாலும் 5000-ஆல் வகுத்து, இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பில். 40×30×30 பெட்டியில் 4 கிலோ முறுக்கு வைத்தால் பேக்கிங்கோடு 5 கிலோ, ஆனால் கணக்கில் 7.2 வரும், அதையும் 7.5 ஆக்கிவிடுவார்கள். கிலோவுக்கு 800 ரூபாய் என்று வைத்தால் 6,000. அதாவது ஒரு கிலோ முறுக்குக்கு அனுப்பும் செலவே 1,500. நீங்கள் 5 கிலோவுக்குக் கணக்குப் போட்டிருந்தால் 1,000 என்று நினைத்திருப்பீர்கள், அந்த 500 உங்கள் கையிலிருந்து போகும். இடைவெளியில் சீடை, பொருளங்கா உருண்டை மாதிரி கனமானதை நிரப்பினால் இந்த நஷ்டம் குறையும், முறுக்கும் உடையாது.

அப்புறம் கஸ்டம்ஸ். வீட்டில் செய்து சொந்தக்காரருக்குப் பரிசாக அனுப்பும் பண்டத்துக்கு அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையான FDA-வுக்கு முன்னறிவிப்பு கொடுக்க வேண்டாம், விற்பனைக்கு அனுப்பினால் கொடுக்க வேண்டும். காசு வாங்கிக்கொண்டு 'கிஃப்ட்' என்று எழுதச் சொல்லும் ஏஜென்டை நம்பாதீர்கள். வெறும் 'ஸ்நாக்ஸ்' என்றும் எழுத வேண்டாம். அரிசி மாவு, உளுந்து, எண்ணெய் என்று பிரித்து எழுதுங்கள்.

தாமதம் தீபாவளிக்கு முன்தான் அதிகம், நம் பக்கம் அடைமழையும் அப்போதுதான். சூடு முழுக்க ஆறிய பிறகே கவரை ஒட்டுங்கள், உள்ளே ஆவி படிந்தால் போய்ச் சேரும்போது நமத்திருக்கும். ஒரு பாக்கெட்டை வீட்டிலேயே ஒரு மாதம் வைத்துப் பாருங்கள். சிக்கு வாடை எந்த வாரம் வருகிறதோ, அதற்கு ஒரு வாரம் முந்தைய தேதியைக் கவரில் போடுங்கள்.