வரலாற்று விடை: 2 மார்க்குக்கு எவ்வளவு, 6-க்கு எவ்வளவு, 10-க்கு எவ்வளவு?

"மகள் உயர்நிலை நான்கில் படிக்கிறாள். வரலாற்றில் எல்லாக் கேள்விக்கும் ஒரு பக்கம் எழுதுகிறாள், ஆனால் மார்க் வருவதில்லை. எந்தக் கேள்விக்கு எவ்வளவு விவரம் வேண்டும்?"

பக்கத்தை எண்ணாதீர்கள், கேள்வி கேட்கும் வேலையைப் பாருங்கள். சிங்கப்பூரின் வீழ்ச்சியையே எடுத்துக்கொள்வோம்.

ஜப்பானியப் படை முதலில் எங்கே கரையிறங்கியது என்று 2 மார்க்குக்குக் கேட்டால், "1942 பிப்ரவரி 8 இரவு, தீவின் வடமேற்கில் சரிம்பூன் கரையில்" என்ற ஒரு வரி போதும். பிரிட்டிஷ் படைத் தளபதி பெர்சிவலைப் பற்றி எழுதும் அடுத்த நான்கு வரிக்கு மார்க் இல்லை, நேரம்தான் போகும்.

பிரிட்டிஷாரால் ஏன் காக்க முடியவில்லை என்று 6 மார்க்குக்குக் கேட்கும்போதுதான் பிள்ளைகள் அதிகம் இழக்கிறார்கள். இத்தகைய கேள்விகளை, விடை வர்ணனையா விளக்கமா என்று லெவல் பார்த்துத் திருத்துவார்கள். நடந்ததை எவ்வளவு நீளமாகச் சொன்னாலும் அது வர்ணனை லெவலிலேயே நின்றுவிடும். ஐந்து காரணங்களை அடுக்குவதைவிட இரண்டை விளக்குவது மேல். "1941 டிசம்பர் 10-இல் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் கப்பல்கள் குவாந்தான் கடலில் மூழ்கடிக்கப்பட்டன" என்பது வெறும் தகவல். அதன் பக்கத்தில் "அதனால் என்ன?" என்று பென்சிலால் எழுதி, மகளைப் பதில் சொல்லச் சொல்லுங்கள். "செம்பவாங் கடற்படைத் தளம், பெரிய கப்பற்படை வந்து சேரும் என்ற நம்பிக்கையில் கட்டப்பட்டது. ஐரோப்பியப் போரில் சிக்கிய பிரிட்டனால் அதை அனுப்ப முடியவில்லை. வந்த இரண்டு பெரிய கப்பல்களும் விமானப் பாதுகாப்பின்றி மூழ்கின. ஆகவே ஜப்பானியர் கடல்வழியே படையையும் தளவாடத்தையும் இறக்குவதைத் தடுக்க ஆளில்லை." இந்தக் கடைசி வரி கேள்வியைத் தொடுகிறது. அது இல்லாத பத்தி, எத்தனை தேதி இருந்தாலும், பாதியில் நின்ற பத்திதான்.

10 மார்க் கேள்வி "பெர்சிவலின் தலைமைதான் முக்கியக் காரணமா?" என்பதுபோல வரும். தலைமைக்கு ஒரு பத்தி: அவர் வடகிழக்கில் தாக்குதலை எதிர்பார்த்தார், அது வடமேற்கில் வந்தது. வேறு காரணத்துக்கு ஒரு பத்தி, மேலே எழுதிய கப்பல் பத்தியே ஆகும். பிறகு தீர்ப்பு. "இரண்டும் முக்கியம்" என்று முடித்தால் அது தீர்ப்பாகாது. எதை வைத்து எடைபோடுகிறோம் என்று சொல்ல வேண்டும்: "பெர்சிவலின் கணிப்பு தவறியது பிப்ரவரியில். கடலும் வானும் டிசம்பரிலேயே கைவிட்டுப் போய்விட்டன. சரியான கரையைக் காத்திருந்தாலும் வீழ்ச்சி தள்ளிப்போயிருக்கும், நின்றிருக்காது." இதற்கு மூன்று வரி போதும், ஆனால் புதிதாக வாதிக்க வேண்டும். முன்பு எழுதியதைத் திரும்பச் சொன்னால் பயனில்லை.

நேரத்தையும் மார்க்கை வைத்தே பிரித்துக்கொள்ளுங்கள். 50 மார்க்குக்கு 1 மணி 50 நிமிடம் என்றால், படிக்க, யோசிக்க 20 நிமிடம் போக, மார்க்குக்கு 2 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. 2 மார்க் விடை நான்கு நிமிடத்தைத் தாண்டினால், அந்த நேரம் 10 மார்க் விடையின் தீர்ப்பிலிருந்துதான் வெட்டப்படும்.