36 வாரச் சேமிப்பும் ஒரு வெள்ளிச் சங்கிலியும்

கேள்வி: நாங்கள் டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். பையனுக்கு 13 வயது, ரொம்பக் கூச்சம். வாரம் 40 ரேண்ட் கைச்செலவுக்குக் கொடுக்கிறோம். அதில் 15 எடுத்து டப்பாவில் போட்டுவிடுவான். இப்படி 36 வாரம் சேர்த்தான். போன சனிக்கிழமை, வகுப்பில் படிக்கும் ஒரு பெண்ணின் பிறந்த நாளுக்கு வெள்ளிக் கைச்சங்கிலி வாங்கியிருக்கிறான். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. துணி துவைக்கும்போது சட்டைப் பையில் ஸ்லிப் கிடைத்தது: சங்கிலி 465, பெட்டி 45, அலங்காரப் பை 30. டப்பாவில் புத்தாண்டுக்குத் தாத்தா கொடுத்த 80 மட்டும் மிச்சம். பிறந்த நாள் வருகிற வெள்ளிக்கிழமை. கடையில் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கிவிடலாமா? “கையில் இருந்தால்தானே செலவு, வங்கியில் போட்டுவிடலாம்” என்கிறார் என் கணவர். — ஒரு தாய், யூனிட் 7

பதில்: 80 ரேண்ட் மிச்சம் என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். நான் அங்கேயே நின்றுவிட்டேன். வாரம் 15 வீதம் 36 வாரத்துக்கு 540. ஸ்லிப்பைக் கூட்டிப் பாருங்கள், அதுவும் 540. தன் கையால் சேர்த்ததைக் கடைசி ரேண்ட் வரை எடுத்திருக்கிறான், தாத்தா கொடுத்ததைத் தொடவில்லை. ஒரே டப்பாவில் கிடந்த பணத்தை மனதுக்குள் இரண்டு கணக்காகப் பிரித்து வைத்திருக்கிறான். என்னிடம் வரும் பெரியவர்களில் பலருக்கு இது வராது. போனஸ், மாமியார் கொடுத்த பணம், வீட்டுக் கடன் தவணை எல்லாம் ஒரே கணக்கில் கிடக்கும்.

ஆனால் அந்த 540 இன்னொன்றையும் சொல்கிறது. ஒரு பொருளின் விலை கையில் இருக்கும் பணத்தோடு ஒரு ரேண்ட் கூடக் குறையாமல் பொருந்துவது அபூர்வம். என் ஊகம் இது: கடையில் இருந்தவர் “எவ்வளவு கொண்டுவந்திருக்கிறாய் தம்பி?” என்று கேட்டிருப்பார். பையன் உண்மையைச் சொல்லியிருப்பான். 465-க்கு ஒரு சங்கிலி காட்டியிருப்பார்கள். மிச்சம் 75 இருக்கிறதே, பெட்டி 45, பை 30, கணக்கு முடிந்தது. கூச்சமுள்ள பிள்ளைக்குக் கடையில் “பெட்டி வேண்டாம்” என்று சொல்வது, அந்தப் பெண்ணிடம் நேரில் பேசுவது அளவுக்குக் கஷ்டம். முதலில் காட்டியதை எடுத்துக்கொண்டு சீக்கிரம் வெளியே வந்தால் போதும் என்றிருக்கும். அந்தப் பெட்டியும் பையும் அவனுடைய ஐந்து வாரச் சேமிப்பு. சங்கிலியைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. அந்த ஐந்து வாரம்தான் உறுத்துகிறது.

சரி, திருப்பிக் கொடுக்கலாமா? சட்டப்படி உங்களுக்கு ஒரு வழி இருக்கிறது. நம் நாட்டில் 18 வயது வரை மைனர். 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 39-ஆம் பிரிவு, மைனர் ஒருவர் பொறுப்புள்ள பெரியவரின் சம்மதம் இல்லாமல் செய்த ஒப்பந்தத்தை ரத்து செய்ய இடம் கொடுக்கிறது. பெரியவர்கள் பின்னால் அதை ஏற்றுக்கொண்டிருக்கக் கூடாது, பிள்ளையும் தன் வயதைப் பற்றிக் கடைக்காரரை ஏமாற்றியிருக்கக் கூடாது. ஆனால் அந்தச் சம்மதம் என்ற இடத்தில் கடைக்காரர் உங்களைப் பிடிப்பார். வாரம் 40 ரேண்டைக் கொடுத்து, இது உன் பணம், உன் இஷ்டம் என்று நீங்களே விட்டிருக்கிறீர்கள். அதிலேயே சம்மதம் அடங்கிவிட்டது என்று அவர் சொன்னால், அந்த வாதத்தைச் சுலபமாகத் தள்ள முடியாது. 540 ரேண்டுக்காக இந்தச் சண்டையை இழுப்பதில் அர்த்தமில்லை.

பலர் நினைப்பதுபோல, மனசு மாறினால் ஐந்து நாளுக்குள் திருப்பலாம் என்ற உரிமை இங்கே வராது. அந்த ஐந்து வேலை நாள் சலுகை, விற்பவர் போன் செய்தோ நேரில் தேடிவந்தோ தலையில் கட்டிய வியாபாரத்துக்கு. தானாகக் கடைக்குள் நடந்துபோய் வாங்கியதை நல்ல நிலையில் திருப்பி எடுப்பது கடையின் சொந்த விதியைப் பொறுத்தது. ஸ்லிப்பின் அடியிலோ பின்பக்கத்திலோ பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள், படித்துப் பாருங்கள். பணமாகத் தராமல் வவுச்சராகத் தந்தால், அது முழுவதும் செலவாகும் வரை, அல்லது மூன்று வருடம் வரை செல்ல வேண்டும் என்பது சட்டம். “மூன்று மாதத்தில் வாருங்கள்” என்று எழுதித் தந்தால் வாங்காதீர்கள்.

உண்மையில் நீங்கள் சரிபார்க்க வேண்டியது வேறு. வெள்ளி என்று விற்றிருக்கிறார்கள். கொக்கியின் பக்கத்தில் 925 என்ற முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி என்று அர்த்தம். வெள்ளி என்று விற்றது வெறும் முலாம் என்று தெரிந்தாலோ, கொக்கி கழன்று வந்தாலோ, ஆறு மாதத்துக்குள் கொண்டுபோகலாம். பழுது பார்ப்பதா, மாற்றித் தருவதா, பணத்தைத் திருப்புவதா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை வாங்கியவருக்கு. அதற்கு ஸ்லிப் வேண்டும். அந்த மாதிரிக் காகிதத்தில் எழுத்து சில மாதத்தில் மங்கிவிடும், இன்றே போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். துவைத்த சட்டையில் தப்பித்ததே பெரிய விஷயம்.

சங்கிலியைத் திருப்ப வேண்டாம் என்பது என் கருத்து. இதில் நான் நடுநிலையாகப் பேசவில்லை, காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு 14 வயதில், பஸ்ஸில் போகாமல் நடந்தே போய் மிச்சம் பிடித்த காசில், டர்பன் கிரே தெருவில் ஒரு மைப்பேனா வாங்கினேன். அந்தத் தெருவுக்கு இன்று டாக்டர் யூசுப் தாதூவின் பெயர். பேனா, கூடப் படித்த பெண்ணுக்கு. அப்பாவுக்குத் தெரிந்துபோயிற்று. கையைப் பிடித்துக் கடைக்கு அழைத்துப்போய், கல்லா முன்னால் என்னை நிறுத்தி, பணத்தைத் திருப்பி வாங்கினார். கடைக்காரர் சிரித்துக்கொண்டே நோட்டுகளை எண்ணினார். பணம் முழுசாக வந்தது. அதற்கப்புறம் நான் சேமிக்கவே இல்லை. வேலைக்குப் போய் நான்கைந்து வருடம் வரை, சம்பளம் வந்த வாரமே தீர்த்துவிடுவேன். சேர்த்து வைத்தால் யாராவது வந்து கணக்குக் கேட்பார்கள் என்ற பயம் எங்கேயோ உட்கார்ந்திருந்தது. நிதி ஆலோசகனான கதை அப்புறம்.

பெட்டியும் பையும் மட்டும் பிரிக்காமல் இருந்தால், அதைப் பற்றி அவனிடம் கேட்கலாம். “75 ரேண்ட் திரும்பக் கிடைக்குமா என்று கேட்டுப் பார்க்கலாமா, நான் கூட வருகிறேன், நீ பேசு” என்று. வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள். வந்தால், கடை வாசலில் நீங்கள் நின்றுகொள்ளுங்கள். கடைக்காரர் மாட்டேன் என்று சொன்னாலும் பரவாயில்லை, அவன் வாயைத் திறந்து கேட்டிருப்பான். ஒரு சனிக்கிழமை பங்களாதேஷ் மார்க்கெட்டுக்கு அவனைக் கூட்டிப்போய், கையில் 20 ரேண்டைக் கொடுத்துக் கொத்தமல்லியும் பச்சை மிளகாயும் பேரம் பேசி வாங்கிவரச் சொல்லுங்கள். வீட்டுக் காசு, வீட்டுச் சாமான், நஷ்டம் வந்தாலும் இரண்டு ரேண்ட்தான்.

உங்கள் கணவர் சொல்லும் வங்கிக் கணக்கு. நம் வங்கிச் சட்டப்படி 16 வயதைத் தாண்டியவர் பெற்றோர் துணையில்லாமல் தன் டெபாசிட்டைத் தானே நடத்தலாம். 13 வயதில் உங்களில் ஒருவர் கூடப் போய்த்தான் திறக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழ், உங்கள் அடையாள அட்டை, முகவரிச் சான்று கொண்டுபோங்கள். மாதக் கட்டணம் உண்டா என்று முதலில் கேளுங்கள். 80 ரேண்டில் மாதம் 5 ரேண்ட் கட்டணம் போனால் 16 மாதத்தில் தாத்தாவின் பணம் சுத்தமாகக் காணாமல் போகும். வங்கியில் இருப்பவர் வரியில்லாச் சேமிப்புக் கணக்கு ஒன்றையும் எடுத்து நீட்டக்கூடும். அது நல்ல கணக்குதான், ஆனால் பத்து வருடம் தொடாத பணத்துக்கு. பிள்ளை பெயரில் போடுவது அவன் வாழ்நாள் வரம்பான 5 லட்சம் ரேண்டில் கழியும், நடுவில் எடுத்தாலும் அந்த வரம்பு திரும்ப வராது. பிறந்த நாளுக்கு எடுத்து, மறுபடி போட்டு, மறுபடி எடுக்கிற காசுக்கு அது ஏற்ற இடமில்லை.

கணக்குத் திறப்பது அவனிடமிருந்து பணத்தை ஒளித்துவைக்க என்றால், அவன் அடுத்த தடவை 15 ரேண்டையும் டப்பாவில் போடாமல் டக் ஷாப்பிலேயே தீர்த்துவிடுவான். அவன் கையில் அட்டை இருக்கும், கணக்கை அவனும் பார்க்கலாம் என்றால் திறங்கள்.

தீர்ந்துபோன 540-ஐ நீங்கள் நிரப்பிக் கொடுக்காதீர்கள், வாரம் 40-ஐக் குறைக்கவும் வேண்டாம். அந்த 15-ஐ மட்டும் அவனையே இரண்டாகப் பிரிக்கச் சொல்லுங்கள். இந்தத் தடவை கோளாறு அங்கேதான்: எதற்காகச் சேர்க்கிறோம் என்று பெயர் வைக்காத பணம், முதலில் வந்த ஆசைக்கு முழுசாகப் போயிற்று. அவன் வாரம் 5 ரேண்டைப் “பிறருக்கு” என்று எழுதிய இன்னொரு டப்பாவில் போட்டால், 36 வாரத்தில் 180. மூன்று பிறந்த நாள் வந்தால் ஆளுக்கு 60. ஒரே ஆளுக்குத்தான் 180-உம் என்றால் அதுவும் அவன் இஷ்டம், ஆனால் அந்த டப்பாவோடு நிற்க வேண்டும். மிச்சம் வாரம் 10, அதே காலத்தில் 360 ஆகும். அது என்ன வாங்க என்று அவன் ஒரு சீட்டில் எழுதி டப்பாவில் ஒட்டட்டும். உங்களிடம் காட்ட வேண்டாம் என்றால் உள்பக்கம் ஒட்டட்டும்.

ஒன்றுக்கு மட்டும் தயாராக இருங்கள். 13 வயதுப் பெண் வீட்டுக்கு வெள்ளிச் சங்கிலியோடு போனால், அவள் அம்மாவிடமிருந்து உங்களுக்கு ஒரு போன் வரலாம். இவ்வளவு விலையுள்ளதை வைத்துக்கொள்ள முடியாது என்பார்கள், அது நியாயம்தான். வியாழக்கிழமைக்குள் அவனிடம் இதைச் சொல்லிவையுங்கள், திட்டாமல், செய்தியாக. திரும்பி வந்தால் சங்கிலி அவனுடையது, என்ன செய்வது என்று அவன் முடிவு செய்யட்டும். இதைக் கேட்டபின் தானாகவே “வேறு சின்னதாக ஏதாவது கொடுக்கவா?” என்று வந்தால், அப்போது கடைக்குத் திரும்பிப் போங்கள். அப்போதும் பேசுவது அவன்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவன் பள்ளிவிட்டு வந்ததும் “கொடுத்தாயா, என்ன சொன்னாள்?” என்று வாசலிலேயே கேட்காதீர்கள். டீ போட்டுக் கொடுங்கள். அன்றைக்கு வார 40 ரேண்ட் கொடுக்கும் நாள் என்றால், வழக்கம்போல் கொடுங்கள்.