எட்டு வரி, ஒரு மூச்சு

அன்புள்ள ஆசிரியருக்கு,

கதேயின் ‘வழிப்போக்கனின் இரவுப் பாடல்’ கவிதையைத் தமிழில் செய்துபார்த்தேன். ஜெர்மன் இரண்டு வருடம் படித்திருக்கிறேன், பொருள் விளங்குகிறது. ஆனால் படித்துக்காட்டினால் தாலாட்டு மாதிரி இருக்கிறது என்று மனைவி சிரிக்கிறாள். எங்கே தவறு?

மலையின் முடிகளில் மௌன அமைதியே
மரத்தின் முனைகளில் மந்த மாருதம்
பறவைக் குஞ்சுகள் பாடல் நிறுத்தின
பொறுப்பாய் நீயும் உறங்குவாய் விரைவே

ம.

அன்புள்ள ம.,

உங்கள் மனைவிக்கு நல்ல காது. நான்கடியும் நாற்சீர், ஓசை ஆடிக்கொண்டே போகிறது. மூலம் ஆடுவதில்லை, நின்று நின்று போகிறது. முதல் வரி ‘ஊபர் அல்லன் கிப்ஃபெல்ன்’ என்று நீள, அடுத்த வரி ‘இஸ்ட் ரூ’, இரண்டே அசை. அமைதி, ஓய்வு இரண்டையும் குறிக்கும் அந்த ‘ரூ’ நெடில். அதற்குப் பிறகு வாய்க்கு வேலை இல்லை, காத்திருக்க வேண்டியதுதான். அந்த இடைவெளிதான் கவிதையில் அமைதி. நீங்கள் அதை ‘மௌன’ என்ற சொல்லைப் போட்டு நிரப்பிவிட்டீர்கள். வரிகளைச் சமமாக்காதீர்கள். சீரற்ற அடிகள் நமக்கும் புதிதல்ல; இணைக்குறள் ஆசிரியப்பாவில் இடையடிகள் குறுகித்தானே வருகின்றன?

1780 செப்டம்பரில் இல்மனௌ ஊருக்கு அருகே கிக்கல்ஹான் மலைமேல் ஒரு மரக்குடிலின் சுவரில் கதே எழுதிய வரிகள் இவை. கண் மலையுச்சியில் தொடங்கி மரத்துக்கும் பறவைக்கும் இறங்கி, கடைசியில் ‘நீ’யிடம் வந்து நிற்கிறது. கல், மரம், பறவை, மனிதன் என்ற இந்த வரிசை கலையக் கூடாது.

ஜெர்மனில் ‘கிப்ஃபெல்ன்’ மலையுச்சி, ‘விப்ஃபெல்ன்’ மரவுச்சி. முதலெழுத்து மட்டும் வேறு. நம் கணக்கில் அச்சு அசலான எதுகை. அந்த ஆசையில் முதலில் ‘மலைமுடி, இலைநுனி’ என்று போட்டுப்பார்த்தேன். எதுகை கிடைத்தது, காடு போய்விட்டது. அது ஊசியிலைக் காடு, தவிர கண் மலையிலிருந்து ஒரே தாவலில் இலைக்கு விழுகிறது. ஆகவே எதுகையை விட்டுவிட்டு மோனையோடு ‘மலையுச்சி, மரவுச்சி’ என்று வைத்துக்கொண்டேன்.

உங்கள் ‘மந்த மாருதம்’ மூலத்துக்கு நேர் எதிர். அங்கே காற்று வீசவில்லை. ‘கௌம்’ என்ற சொல்லுக்கு, இருக்கிறது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது என்று பொருள். நம் பழம்புலவர்கள் பெண்களின் இடைக்கென்றே வைத்திருந்த ‘உண்டோ’வை நான் காற்றுக்குக் கடன் வாங்கினேன்.

‘ஃபோகலைன்’ குஞ்சு அல்ல. அந்த ‘லைன்’ செல்லமாகச் சொல்லும் விகுதி. தமிழில் ‘குருவி’ என்றாலே அந்தச் சிறுமையும் செல்லமும் வந்துவிடுகின்றன. அவை பாட்டை ‘நிறுத்தின’ என்பதும் சரியில்லை. மூலத்தில் நடப்பது எதுவும் இல்லை, எல்லாம் ஏற்கனவே அப்படித்தான் இருக்கிறது. அதனால்தான் ‘மலைகள் ஓய்ந்தன’ என்றும் எழுதக் கூடாது. அதற்கு முன் மலைகள் ஓடிக்கொண்டா இருந்தன?

‘பொறுப்பாய்’ என்றதும் எனக்குக் கூட்டுறவு வங்கி ஞாபகம் வந்தது, மன்னிக்கவும்.

மலையுச்சி எங்கும்
அமைதி.
மரவுச்சி எங்கும்
உணர்கிறாய் நீ
உண்டோ எனும் ஒரு மூச்சு;
காட்டுக்குள் குருவிகள் குரலடங்கிக் கிடக்கின்றன.
கொஞ்சம் பொறு, இதோ
ஓய்வாய் நீயும்.

இதில் இழந்தவையும் உண்டு. ‘ரூ’ என்ற பெயர்ச்சொல்லே கடைசி வரியில் ‘ரூஎஸ்ட்’ என்று வினையாகத் திரும்பி வருகிறது. அதைக் காப்பாற்ற இரண்டாம் வரியில் ‘ஓய்வு’ என்று போட்டால் மலைக்கு லீவு விட்டதுபோல ஆகிறது. ‘இளைப்பாறுவாய்’ நீளம், தவிர பைபிள் வாசனை. ‘அமைதி’, ‘நீ’ என்ற இரண்டும் இகரத்தில் ஒத்துவந்தாலும் ‘ரூ’, ‘டூ’வின் நீளம் முதலாவதில் இல்லை. ‘அமைதியே’ என்றால் நீளும், மறுபடி தாலாட்டு. ‘ஹௌஹ்’, ‘ஔஹ்’ என்று மூச்சாகவே முடியும் இயைபும் போயிற்று. ஆனால் ‘ஔஹ்’ என்பதன் பொருள் நமக்கு ஓர் உம்மையாகக் கிடைக்கிறது. ‘நீயும்’ என்னும்போது உதடு தானாக மூடிக்கொள்கிறது. மூலத்தில் இல்லாத ஒன்று. வேண்டாம் என்று சொல்ல மனமில்லை.

‘உறங்குவாய்’ என்று மட்டும் வைக்காதீர்கள். அங்கே தூக்கமும் இருக்கிறது, சாவும் இருக்கிறது. 1831 ஆகஸ்டில், 82ஆவது பிறந்தநாளுக்கு முன்தினம், கதே அதே குடிலுக்கு ஏறிப்போய்ச் சுவரில் அந்த வரிகளைப் படித்தார். கண்ணீரோடு கடைசி வரிகளைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார் என்று உடன் போனவர் எழுதியிருக்கிறார். அடுத்த மார்ச்சில் இறந்துபோனார்.

திருத்தியதை மனைவியிடம் படித்துக்காட்டும்போது இரண்டாம் வரிக்குப் பிறகு கொஞ்சம் நிறுத்துங்கள். அப்போதும் சிரித்தால் எனக்கு எழுதுங்கள்.