ஏடிபியின் ஆற்றல் குளுக்கோஸுக்கு எப்படிப் போகிறது?

கேள்வி: ஏடிபி உடைந்து வெளிவரும் ஆற்றல், தானாக நடக்காத வினையை எப்படி நடத்துகிறது? இரண்டு எண்களைக் கூட்டினால் போதுமா?

கூட்டல் சரிதான், ஆனால் கூட்டுவதற்கு ஓர் உரிமை வேண்டும். குளுக்கோஸுடன் பாஸ்பேட் நேரடியாகச் சேர்ந்து குளுக்கோஸ்-6-பாஸ்பேட் ஆவதற்கான திட்டக் கட்டிலா ஆற்றல் மாற்றம் மோலுக்கு +13.8 கிலோஜூல். 25 டிகிரியில் சமநிலை மாறிலி சுமார் 0.004. குளுக்கோஸும் பாஸ்பேட்டும் தலா 5 மில்லிமோலார் இருந்தால், விளைபொருள் 0.1 மைக்ரோமோலாரில் நின்றுவிடும். அதாவது, கிட்டத்தட்ட ஒன்றுமில்லை.

ஏடிபி நீரால் உடையும் நீராற்பகுப்புக்கு அதே மாற்றம் −30.5. இரண்டையும் கூட்டினால்:

```
+13.8 + (−30.5) = −16.7 kJ/mol
```

இப்போது மாறிலி 800-ஐத் தாண்டுகிறது.

ஆனால் ஒரே குடுவையில் ஏடிபி தன்பாட்டுக்கு நீரில் உடைந்தால் குளுக்கோஸுக்கு ஒரு பயனும் இல்லை. கரைசல் சூடாகும், அவ்வளவுதான். ‘உடைந்து ஆற்றல் தருகிறது’ என்று பாடநூல்கள் எழுதுவது எனக்குப் பிடிக்காததும் இதனால்தான். குளுக்கோஸில் பாஸ்பேட்டை ஏற்றும் ஹெக்சோகைனேஸ் நொதியில் அந்த வேலையின்போது நீராற்பகுப்பே நடப்பதில்லை. குளுக்கோஸ் வந்து அமர்ந்ததும் நொதியின் இரு மடல்களும் மூடிக்கொள்கின்றன. குளுக்கோஸின் ஆறாம் கார்பனிலுள்ள ஆக்சிஜன், ஏடிபியின் கடைசி பாஸ்பேட்டை நேராகப் பற்றிக்கொள்கிறது. கூட்டும் உரிமை இந்தக் கைமாற்றத்திலிருந்து வருகிறது.

இதற்கு நல்ல சாட்சி சைலோஸ். குளுக்கோஸைப் போலவே இருக்கும் இந்தச் சர்க்கரைக்கு ஆறாம் கார்பன் கிடையாது. அதைக் கொடுத்தாலும் நொதி மூடுகிறது; பாஸ்பேட்டை வாங்க ஆளில்லாததால் அந்த இடத்தில் நீர் புகுந்து வாங்கிக்கொள்கிறது. ஏடிபி செலவாகிறது, சர்க்கரையில் பாஸ்பேட் ஏறுவதில்லை.